கொடைக்கானல் பக்கம் 40 அடி கன்டெய்னர் வீடு: உள்ளே தகரம் வேர்க்கிறது, எந்த இன்சுலேஷன் போடலாம்?

பூம்பாறைக்காரன்

40 அடி ஹை கியூப் கன்டெய்னர் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். இரண்டு ஜன்னல், ஒரு கதவு வெட்டி ஃபிரேம் வெல்டிங் முடிந்துவிட்டது. உள்ளே இன்னும் வெறும் தகரம்தான். இரண்டு பேர் தங்குகிறோம், சமையலும் உள்ளேயே.

காலை ஆறு மணிக்கு மேற்கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. சுவரில் வழிந்து தரை பிளைவுட்டின் ஓரம் கறுத்துப்போய்விட்டது. மழை இல்லாத நாளிலும் இதேதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: இரவு ஒன்பது மணிக்கு உள்ளே 14 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம், வெளியே 8 டிகிரி. விடிகாலையில் வெளியே 5 வரை இறங்குகிறது.

ஃபேப்ரிகேட்டர் சொல்வது: சுவரோடு ஜி.ஐ. சேனல் வெல்டிங் செய்து, நடுவில் 50 மி.மீ. கிளாஸ் வூல் வைத்து, மேலே பி.வி.சி. பேனல் அடித்துவிடலாம். இது சரியா?

வெல்டர்_செந்தில்

முதலில் லீக் இல்லை என்று உறுதி செய்யுங்கள் தம்பி. பழைய பெட்டியென்றால் கூரையில் ஊசித்துளை இருக்கும். பகலில் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருட்டில் நின்று மேலே பாருங்கள், வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை.

லீக் இல்லையென்றால் அவர் சொன்ன முறைதான் எல்லா போர்ட்டா கேபினிலும் போடுகிறோம். அலுமினிய ஃபாயில் ஒட்டிய கிளாஸ் வூலாக வாங்குங்கள். ஃபாயில் உள்பக்கம் பார்க்க இருக்கட்டும். ஈரம் போகாது.

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

செந்தில் சொன்ன வெளிச்சச் சோதனை சரியானது, அதைச் செய்துவிடுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தாலே இது லீக் இல்லை என்று தெரிகிறது. 14 டிகிரி, 85 சதவீதக் காற்றின் டியூ பாயின்ட் 11.5. அந்தக் காற்று 11.5 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். வெறும் தகரத்துக்கு வெப்பத்தடை என்று ஒன்றுமே கிடையாது. உள்ளே ஒட்டியிருக்கும் காற்றுப்படலம், வெளியே ஒட்டியிருக்கும் காற்றுப்படலம், இவை இரண்டும்தான் தடுக்கின்றன. கணக்கிட்டால் வெளியே 8 இருக்கும்போது தகரத்தின் உள்முகம் 9.4 டிகிரி. அதாவது இரவு ஒன்பது மணிக்கே சுவர் ஈரமாகத் தொடங்கிவிடுகிறது. காலையில் நீங்கள் பார்ப்பது இரவு முழுக்கச் சேர்ந்தது.

கூரை முதலில் சொட்டுவதற்குத் தனிக் காரணம் உண்டு. மேகமில்லாத இரவில் கூரைத் தகரம் வானத்தைப் பார்த்தே வெப்பத்தை இழக்கும். காற்று 5 டிகிரி என்றால் கூரை அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். கணக்குக்கு 1 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிளாஸ் வூல். அது வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் காற்றையும் ஆவியையும் தடுக்காது. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று: கிளாஸ் வூல் போட்டால் தகரம் இப்போது இருப்பதைவிட இன்னும் குளிரும். இன்று வீட்டுச் சூடு கொஞ்சமாவது தகரத்துக்குப் போகிறது. வூல் வந்தால் அதுவும் நின்றுபோகும், தகரம் 5 டிகிரிக்கே வந்துவிடும். பேனல் இடுக்கு, சுவிட்ச் பாக்ஸ், ஃபாயில் மூட்டு வழியே புகும் காற்று அதன்மேல் தண்ணீர் விடும். உங்களுக்குக் கண்ணில் படாது. வூல் நனைந்து கீழே இறங்கி, தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், பூசணவாடை வரும்போதுதான் தெரியும்.

சுவரோடு வெல்டிங் செய்த ஜி.ஐ. சேனலும் வேண்டாம். அந்தச் சேனல் வெளிக்குளிரை நேராக உங்கள் பேனல் வரைக்கும் கொண்டுவரும். பேனலில் அடிக்கு ஒரு கோடாகக் கறுப்புப் பட்டை விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான்.

சொந்தமாகக் கணக்குப் போட விரும்பினால், எக்செல்லில் A1-இல் வெப்பநிலை, B1-இல் ஈரப்பத சதவீதம் போட்டு இதை இடுங்கள், டியூ பாயின்ட் வரும்:

```
=243.12*(LN(B1/100)+17.62*A1/(243.12+A1))/(17.62-LN(B1/100)-17.62*A1/(243.12+A1))
```

பாஸ்கர்_ஸ்ரீபெரும்புதூர்

எங்களுக்கும் இதே பிரச்சினை. 20 அடி கன்டெய்னர் ஆபீஸ், ஏ.சி. 20-இல் ஓடும். மதியம் இரண்டு மூன்று மணிக்கு ஃபால்ஸ் சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது, மேலே கிளாஸ் வூல் இருக்கிறது. அப்படியானால் நாங்களும் வூலை எடுத்துவிட்டு உள்ளே பாலிதீன் ஷீட் அடித்துவிடலாமா?

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

பாஸ்கர், உங்களுடையது இதற்கு நேர் எதிரானது. தயவுசெய்து இந்த இழையின் யோசனையை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். சொட்டும் நேரத்தைப் பாருங்கள். அவருக்கு விடிகாலை, உங்களுக்கு ஏ.சி. ஓடும் மதியம். மதியம் உங்கள் கூரைத் தகரம் கொதிக்கும், அதில் தண்ணீர் விட வழியே இல்லை. உங்கள் ஊர்க் காற்று 30 டிகிரி, 75 சதவீதம் என்றால் அதன் டியூ பாயின்ட் 25. அந்தக் காற்று சீலிங்குக்கு மேலே உள்ள இடைவெளியில் புகுந்து, ஏ.சி.யால் குளிர்ந்த சீலிங்கின் மேல்முகத்தில் தண்ணீராகிறது. உள்ளே பாலிதீன் அடித்தால் அந்த ஷீட்டின் முதுகில் விடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஏ.சி.யின் டிரெய்ன் பைப், காப்பர் பைப்பின் உறை இரண்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் கன்டெய்னரின் பக்கச்சுவரில் மேலே உள்ள சின்ன வென்டிலேட்டர் மூடிகளைப் பாருங்கள். சரக்குக்காக வைத்தது, வீடாகவோ ஆபீசாகவோ மாற்றும்போது பலரும் அடைக்க மறந்துவிடுகிறார்கள். வெளிப்பக்கமாக அடையுங்கள். தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம்.

பூம்பாறைக்காரருக்கும்: அந்த வென்டிலேட்டர்கள் உங்களுடையதிலும் இருக்கும். இன்சுலேஷனுக்கு முன்னால் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். காற்றோட்டத்தை நாம் ஃபேன் வைத்துச் செய்வோம், ஓட்டை வைத்து அல்ல.

வெல்டர்_செந்தில்

சரிங்க மேடம், சேனல் விஷயம் ஒத்துக்கிறேன். அப்படியானால் தகரத்தின்மேல் 25 மி.மீ. பி.யூ. ஸ்ப்ரே ஃபோம் அடித்துவிட்டு, அதன்மேல் 50 மி.மீ. கிளாஸ் வூல் வைக்கலாமே? தகரம் ஃபோமுக்குள் போய்விட்டது, காற்று அதைத் தொடாது. ஃபோம் செலவும் பாதியாகும். வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன்.

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

முறை உண்மையானதுதான். ஆனால் எது எவ்வளவு கனம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இன்சுலேஷன் முடிந்தபின் உள்ளே 18 டிகிரி வைத்துக்கொள்வார்கள், ஈரப்பதம் மோசமான இரவில் 75 என்று எடுப்போம். டியூ பாயின்ட் 13.5. வெளியே 5. வித்தியாசம் 13 டிகிரி. இந்த 13 டிகிரியும் ஒவ்வொரு அடுக்கின் வெப்பத்தடைக்கு ஏற்பப் பங்கு பிரியும். உள் காற்றுப்படலம் 0.13, 50 மி.மீ. வூல் 1.35, 25 மி.மீ. ஃபோம் 1.0, வெளிக் காற்றுப்படலம் 0.04. மொத்தம் 2.52.

வூலுக்கும் ஃபோமுக்கும் நடுவே வெப்பநிலை என்ன? அதுவரை உள்பக்கத்தில் இருப்பது 1.48, மொத்தத்தில் 59 சதவீதம். 13-இல் 59 சதவீதம் 7.6. 18-இலிருந்து கழித்தால் 10.4 டிகிரி. டியூ பாயின்ட் 13.5. ஆக, ஃபோம் முகத்திலேயே தண்ணீர் விடும். தகரம் தப்பித்தது, வூல் நனைந்தது.

சுருக்கமாக: வூலை எவ்வளவு கனமாகப் போடுகிறீர்களோ அவ்வளவுக்கு அதன் பின்னால் இருக்கும் ஃபோம் குளிரும். 25 மி.மீ. ஃபோம் என்றால் அதன்மேல் வூல் 15 மி.மீ.க்கு மேல் தாங்காது, அப்படி ஒரு வூல் வாங்கவும் முடியாது. 50 மி.மீ. ஃபோம் போட்டால் 35 மி.மீ. வரை தாங்கும். இது சுவருக்கு. கூரைக்கு இன்னும் குறையும். 50 மி.மீ. ஃபோமே போட்டாச்சு என்றால் பிறகு வூல் எதற்கு? அதனால் இந்த வீட்டுக்கு ஃபோம் மட்டும் போதும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபோம் மட்டும் போட்டு உள்முகம் திறந்திருந்தால், சொட்டாமல் இருக்க 5 மி.மீ. கனமே கணக்குப்படி போதும். மிச்சக் கனமெல்லாம் ஹீட்டர் செலவைக் குறைக்கத்தான். ஆகவே தண்ணீரைத் தடுப்பது கனம் அல்ல, எங்கும் விடாமல் மூடியிருப்பது. சுவர் முழுக்க 75 மி.மீ. அடித்துவிட்டு ஜன்னல் ஃபிரேமை விட்டால் அந்த ஃபிரேமில் சொட்டும்.

ஸ்கார்பரோ_தீபன்

இங்கே கனடாவில் வீடு கட்டும்போது வெப்பப் பக்கத்தில் 6 மில் பாலிதீன் அடிப்பது வழமை. கொடைக்கானலிலும் குளிர்தானே, ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் அடித்தால் ஃபோம் மெல்லிசாக இருந்தாலும் பாதுகாப்பு அல்லவா?

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

தீபன், உங்கள் ஊர் மரச்சுவரில் வெளிப்பக்கம் ஈரம் வெளியேற வழி இருக்கிறது. கன்டெய்னரில் வெளிப்பக்கமே இரும்பு, அதுவே முழு ஆவித்தடை. உள்ளேயும் பாலிதீன் அடித்தால் நடுவில் புகுந்த தண்ணீர் எந்தப் பக்கமும் போக முடியாது. ஜன்னல் ஓரம் ஒரு சின்ன மழை லீக் போதும். க்ளோஸ்டு செல் ஃபோம் 50 மி.மீ. வந்தால் அதுவே ஆவியை வெகுவாகத் தடுக்கும், தகரத்தோடு ஒட்டியும் இருக்கும். மேலே பாலிதீன் தேவையில்லை.

ஸ்கார்பரோ_தீபன்

ஒட்டியிருந்தால் சரி. ஃபோம் சுருங்கித் தகரத்திலிருந்து விட்டுப்போன இடங்களை நான் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பாலிதீன் இருந்திருந்தால் நல்லது என்றுதான் நினைப்பேன். இதில் நான் முழுக்க உடன்படவில்லை.

பூம்பாறைக்காரன்

நன்றி. ஆனால் நடைமுறைச் சிக்கல்: ஒரே ஒரு பெட்டிக்காக ஸ்ப்ரே மெஷின் மலை ஏறி வர இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள், வருகிறேன் என்றவர் சொன்ன தொகை அதிகம். 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஃபோம் போர்டு வத்தலக்குண்டு வரை லாரியில் வந்துவிடும். அதை நானே ஒட்டிக்கொண்டால்?

ஹரி_ஆர்க்கி

செய்யலாம் என்பேன். எல்லோரும் எக்ஸ்.பி.எஸ்.ஸுக்குச் சொல்லும் குறை, சுவரின் மடிப்பு 36 மி.மீ. ஆழம், போர்டு மேட்டில் மட்டும் உட்காரும், பள்ளத்தில் காற்று தேங்கும், அது வேர்க்கும் என்பது. தேங்கிய காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இரு பக்கச்சுவரும் சேர்த்து 65 சதுர மீட்டர். பள்ளத்தைச் சராசரியாக 18 மி.மீ. என்று வைத்தால் 1.2 கன மீட்டர் காற்று. கன மீட்டருக்கு 11.5 கிராம் ஆவி. மொத்தம் 14 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் கூட முழுதாக இல்லை. அது சுவர் முழுக்கப் பரவினால் கண்ணுக்கே தெரியாது.

அதனால் பிரச்சினை தேங்கிய காற்று அல்ல, புதிதாக வந்துகொண்டே இருக்கும் காற்று. அதை நிறுத்தினால் போர்டு வேலை செய்யும். போர்டுக்குப் போர்டு 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைக் கேன் ஃபோமால் நிரப்பி, காய்ந்ததும் சமமாக வெட்டி, அலுமினிய டேப் ஒட்டுங்கள். இடைவெளியே இல்லாமல் நெருக்கி வைத்தால் ஃபோம் உள்ளே போகாது, அதுதான் பலரும் செய்வது. மேல், கீழ் ஓரங்களில் ஒவ்வொரு மடிப்பின் வாயையும் அடைக்க வேண்டும். பள்ளத்துக்கு ஏற்ற கட்டைகளை எக்ஸ்.பி.எஸ்.ஸிலேயே வெட்டி, கேன் ஃபோமில் பதித்துவிடலாம். சலிப்பான வேலை, ஆனால் அதுதான் உயிர்.

வெளிச்சுவரில் சுவிட்ச் பாக்ஸ் ஒன்றுகூட போர்டை வெட்டி வைக்காதீர்கள். போர்டுக்கு உள்பக்கம் 20 மி.மீ. ரீப்பர் அடித்து அந்த இடைவெளியில் வயர் ஓட்டுங்கள். வயரைக் கண்டூட்டில் விடுங்கள். பி.வி.சி. வயர் நேரடியாக எக்ஸ்.பி.எஸ்.ஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் காலப்போக்கில் உறை கெட்டியாகி வெடிக்கும்.

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

ஹரியின் 14 கிராம் கணக்கு சரி, அதை நான் மறுக்கவில்லை. என் பயம் வேறு. போர்டுக்குப் பின்னால் தகரம் 5 டிகிரி. எங்காவது ஒரு மூட்டில் மணிக்கு ஒரு கன மீட்டர் காற்று கசிந்தால், ஒவ்வொரு கன மீட்டரும் 4.7 கிராமை அங்கே விட்டுவிட்டுப் போகும். பத்து மணி நேர இரவுக்கு 47 கிராம், ஒரு குளிர்காலத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். கன்டெய்னர் பகலில் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். கேன் ஃபோம் மூட்டு அதைப் பத்து வருடம் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம். பின்னால் என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்காமல் தெரியவும் தெரியாது.

ஹரி_ஆர்க்கி

பகலில் அதே தகரம் வெயிலில் காய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். இரவில் விட்டது பகலில் திரும்ப ஆவியாகும். வடக்குப் பக்கச் சுவரிலும், தொடர்ந்து மூடுபனி இருக்கும் வாரங்களிலும் அது நடக்காது என்பது உண்மை.

சோதிக்க ஒரு வழி: ஜிப்சம் அடிக்குமுன் கதவு ஜன்னலை மூடி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். வீடு வெளியிலிருந்து காற்றை இழுக்கும். ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டின் அருகிலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை அசைந்தால் அங்கே கசிவு. கேன் ஃபோமும் எக்ஸ்.பி.எஸ்.ஸும் எரியக்கூடியவை, கேன் ஃபோம் முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகு, நெருப்பு படாத தூரத்தில் மட்டும் செய்யுங்கள்.

பூம்பாறைக்காரன்

இரண்டையும் கலக்கலாமா? கூரைக்கு மட்டும் ஸ்ப்ரே, சுவருக்கு எக்ஸ்.பி.எஸ்.?

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

மெஷின் ஒருமுறை மேலே வந்துவிட்டால் சுவரையும் அடித்துவிடுவதுதான் லாபம், ஏனென்றால் செலவின் பெரும்பகுதி அதை அங்கே கொண்டுவருவதில். உள்ளே சுவர், கூரை, இரு முனை எல்லாம் சேர்த்து 106 சதுர மீட்டர். ஜன்னல் கதவு கழித்து, மடிப்பால் கூடும் பரப்பைச் சேர்த்தால் 110 பக்கம் வரும். 50 மி.மீ.க்கு 5.5 கன மீட்டர். கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி என்றால் 220 கிலோ, சேதாரத்தோடு 250. கொட்டேஷனில் அடர்த்தியையும் கனத்தையும் எழுத்தில் வாங்குங்கள். "இரண்டு இஞ்ச் அடிப்போம்" என்று சொல்லிவிட்டு மேட்டில் 25 மி.மீ.யோடு போய்விடுவார்கள். 50-இல் கோடு போட்ட மெல்லிய கம்பியால் சதுர மீட்டருக்கு ஒரு இடம் குத்திப் பாருங்கள். கனம் மேட்டில் அளக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல.

கூரைக்கு 50-ஐக் குறைக்காதீர்கள். 25 மட்டும் அடித்து, கீழே காற்றிடைவெளியும் ஜிப்சமும் வந்தால், கூரை 1 டிகிரிக்கு இறங்கும் இரவில் ஃபோமின் முகம் சரியாக 13.5-க்கு வந்து நிற்கிறது, விளிம்பில். 50 என்றால் 15.4, நிம்மதி.

வேலை ஒழுங்கு இதுதான். எல்லா வெல்டிங்கும் முதலில் முடிய வேண்டும். மேலே இரண்டாவது கூரை போடும் பிராக்கெட், சோலார் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, எதுவாக இருந்தாலும். ஃபோம் அடித்தபிறகு வெளியே வெல்டிங் வைத்தால் உள்ளே ஃபோம் தீப்பிடிக்கும். செந்தில், உங்கள் ஆட்களுக்கும் சொல்லிவையுங்கள்.

அடுத்து தகரத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கடல் உப்பு ஒட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, எடுத்த இடத்தில் பிரைமர். பிறகு 40×40 மர ரீப்பரைச் சுவரின் மேட்டிலிருந்து 25 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். மேலும் கீழும் மட்டும் சின்ன கிளிப்பில் பிடித்தால் போதும். ஃபோம் ரீப்பருக்குப் பின்னாலும் புகுந்து அதைக் கவ்விக்கொள்ளும், மரத்தின் முகம் 15 மி.மீ. வெளியே நிற்கும், அதில் ஜிப்சம் அடிக்கலாம். 12.5 மி.மீ. ஈரம் தாங்கும் ரகமாக வாங்குங்கள். இது அழகுக்கு இல்லை, ஃபோமைத் தீயிலிருந்து மறைக்கத்தான், ஓர் இடமும் திறந்திருக்கக் கூடாது. எல்லாம் போக உள்ளகலம் 2.35-இலிருந்து 2.19 மீட்டர் ஆகும். கட்டில் அலமாரி அளவை இப்போதே அதற்கேற்ப எடுத்துவிடுங்கள்.

ஸ்ப்ரே நாளில் தகரத்தின் வெப்பநிலைதான் முக்கியம். உங்கள் ஊரில் காலை எட்டு மணிக்குத் தகரம் ஈரமாகவே இருக்கும். அப்போது அடித்தால் ஒட்டாது, முதல் படலம் நொறுங்கும். வெயில் ஏறிய நாளில் பதினொன்று முதல் மூன்று மணிக்குள், தகரம் குறைந்தது 15 டிகிரி, டியூ பாயின்ட்டைவிட 3 டிகிரியாவது மேலே. ஃபோம் கலவையின் இரண்டு பேரலையும் முந்தைய இரவு வெப்பமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் 50 மி.மீ. அடிக்க விடாதீர்கள். 25 அடித்து, சூடு ஆறியபின் அடுத்த 25. கனமாக ஒரே தடவையில் அடித்தால் நடுவில் சூடு கூடிக் கருகும், பிறகு சுருங்கித் தகரத்தைவிட்டு விலகும். தீபன் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே வெட்டிப் பாருங்கள். பிசுபிசுவென்று மீன்வாடை அடித்தால் கலவை விகிதம் தவறியிருக்கிறது, நொறுங்கினாலும் அதேதான். அதன்மேல் இன்னொரு படலம் அடித்து மறைக்க விடாதீர்கள், வெட்டி எடுக்க வேண்டும். அடிக்கும்போது உள்ளே நிற்பவருக்கு வெளிக்காற்று வரும் முழுமுகக் கவசம் வேண்டும், துணி மாஸ்க் எதற்கும் உதவாது. நீங்கள் 24 மணி நேரம் உள்ளே போகாதீர்கள்.

வெல்டர்_செந்தில்

ஜன்னல் ஃபிரேம் 50×50 பாக்ஸ் பைப் மேடம். அது உள்பக்கம் தெரியத்தானே செய்யும்? அதில் எப்படி ஃபோம் அடிப்பது?

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

அதுதான் நல்ல கேள்வி. பைப்பின் பக்கமுகத்தில் ஃபோம் வரட்டும். உள்முகத்திலும் ஜன்னல் தாடையிலும் 20 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஒட்டி, அதன்மேல் மரச்சட்டம் வைத்து மூடுங்கள். மேல் நீளப் பைப், நான்கு மூலைத் தூண்கள், இவையும் அப்படியே, ஒரு விரல் அகல இரும்புகூட உள்ளே தெரியக் கூடாது. பழைய சரக்குக் கதவைத் திறந்து மூடும்படி வைக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு உள்ளே தனியாக ஒரு மரச்சுவர் கட்டிவிடுங்கள். அந்தக் கதவை இன்சுலேட் செய்வது முடிவில்லாத வேலை.

இரண்டாவது கூரையைப் பற்றி: 150 மி.மீ. இடைவெளி விட்டு மேலே ஒரு ஷீட் போட்டால் இரவில் வானத்தைப் பார்ப்பது அந்த ஷீட்தான், கன்டெய்னர் கூரை அல்ல. மழைச் சத்தமும் குறையும். பணம் இருந்தால் போடுங்கள்.

ஹரி_ஆர்க்கி

யாரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பேசவில்லை. எல்.பி.ஜி. ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ நீராவி வருகிறது. இரண்டு பேர் சமையலுக்கு நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் கேஸ் என்றால், தீயிலிருந்து மட்டும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கொதிக்கும் உலை அதற்கு மேலே. தூங்கும் இரண்டு பேர் எட்டு மணி நேரத்தில் மூச்சிலும் தோலிலும் 650 கிராம் விடுவார்கள். ஓட்டைகளையெல்லாம் அடைத்தபின் இது எங்கே போகும்?

அடுப்புக்கு மேலே வெளியே தள்ளும் சிம்னி, வடிகட்டி மட்டும் உள்ள ரகம் வேண்டாம். குளியலறையில் ஈரப்பத சுவிட்ச் வைத்த எக்ஸாஸ்ட், 60-65 சதவீதத்தில் ஓடும்படி. இரவில் மணிக்கு 50 கன மீட்டர் அளவுக்கு மெதுவாக ஓடினால் இரண்டு பேருக்குப் போதும். அதற்கு எதிர்முனையில் ஒரு காற்று நுழைவாய். ஹீட்டர் செலவு அதனால் 215 வாட் கூடும், அவ்வளவுதான். வீட்டுக்குள் துணி காயப்போடுவது இந்த அத்தனை கணக்கையும் கெடுத்துவிடும்.

பூம்பாறைக்காரன்

மூடுபனி நாளில் வெளியே ஈரப்பதம் 95 காட்டுகிறதே. அந்தக் காற்றை உள்ளே விட்டால் இன்னும் மோசமாகாதா?

ஹரி_ஆர்க்கி

வெளியே 12 டிகிரியில் 95 சதவீதம் இருக்கும் காற்றை உள்ளே 18-க்குச் சூடேற்றினால் அது 65 சதவீதம் ஆகிவிடும். டியூ பாயின்ட் 11.2. சூடு இருக்கும்வரை மூடுபனிக் காற்றும் உலர்த்தும். ஹீட்டர் இல்லாமல் உள்ளேயும் 12 என்றால் ஃபேன் எவ்வளவு ஓடினாலும் உலராது, அந்த வாரங்களுக்கு டிஹ்யூமிடிஃபையர்தான். குளிர்ப்பிரதேசத்தில் ஓடக்கூடிய மாடலா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண கம்ப்ரசர் ரகம் 15 டிகிரிக்குக் கீழே ஐஸ் பிடித்து நின்றுவிடும்.

பூம்பாறைக்காரன்

ஸ்ப்ரே ஆளிடம் மறுபடி பேசுகிறேன், மற்றொரு வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் வருகிறேன் என்கிறார். தரையை என்ன செய்வது? 28 மி.மீ. பிளைவுட் இருக்கிறதே, அதுவே போதும் என்றார் ஃபேப்ரிகேட்டர்.

ராஜேஸ்வரி_கோல்டுரூம்

போதாது. சுவரும் கூரையும் 50 மி.மீ. ஃபோமோடு, 13 டிகிரி வித்தியாசத்தில், எல்லாம் சேர்ந்து 630 வாட் இழக்கும். அந்த 28 சதுர மீட்டர் வெறும் பிளைவுட் தரை தனியாக 700 முதல் 800 வாட் இழக்கும். தரை ஸ்க்ரூ தலைகளைக் காலையில் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நிற்கும். அவை நேராகக் கீழே உள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தில் இறங்குகின்றன.

பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? 450 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஸ்ப்ரே ஆள் கீழே படுத்து 40 மி.மீ. அடிக்கலாம், குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து மூடும்படி. இல்லையென்றால் பிளைவுட்டின்மேல் 30 மி.மீ. எக்ஸ்.பி.எஸ்., மேலே 12 மி.மீ. பிளைவுட், ஸ்க்ரூ கீழ்ப் பிளைவுட்டைத் தாண்டி இரும்புக்குப் போகாத நீளத்தில். கறுத்த ஓரத்தை முதலில் வெட்டி மாற்றுங்கள். பழைய கன்டெய்னர் பிளைவுட்டில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், ரம்பம் போடும்போது தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், துண்டுகளை அடுப்பெரிக்கவும் வேண்டாம்.

பூம்பாறைக்காரன்

உயரம் 300 மி.மீ.தான். ஜாக்கி வைத்துத் தூக்கலாமா, உள்ளேயே எக்ஸ்.பி.எஸ். போடலாமா என்று பார்க்கிறேன்.

வெல்டர்_செந்தில்

தூக்குவதென்றால் நான்கு மூலை காஸ்டிங்கில் மட்டும் ஜாக்கி வையுங்கள், நடுச்சட்டத்தில் வைத்தால் வளையும். ஜன்னல் வெட்டிய பெட்டி வேறு. தூக்கும் முன் ஜன்னல் ஃபிரேம் வெல்டிங் சுற்றிலும் முழுசாக ஓடியிருக்கிறதா பாருங்கள்.